இதயப் பலவீனத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு போகிறவர்களுக்கு: இரண்டு நிமிட வீடியோ

(திரையில்: வாட்டுத் தாதி, பக்கத்தில் தராசு)

வணக்கம் ஐயா, அம்மா. உங்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது தந்த துண்டில் நிறைய எழுதியிருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியம் நிறை. காலையில் எழுந்து, சலம் கழித்துவிட்டு, சாப்பிட முதல் தராசில் ஏறுங்கள்.

(திரையில்: கலண்டரில் 61.5 என்று எழுதும் கை)

அந்த எண்ணைக் கலண்டரிலேயே குறியுங்கள். மூன்று நாளுக்குள் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, உடம்பில் நீர் தேங்குகிறது. கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள்.

பிரூசமைட் குளிசை காலையில். சலம் அடிக்கடி போகும், அதற்குத்தான் தருகிறோம். பஸ்ஸில் போக வேண்டுமே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து, பின்னேரத்துக்கு முதல் போடுங்கள்.

(திரையில்: சாப்பாட்டுத் தட்டு)

கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம், அவற்றில் உப்பு கூட. ருசிக்குத் தேசிக்காய், மிளகு சேருங்கள்.

அப்புறம், மூட்டு வலிக்கென்று பார்மசியில் டைக்குளோபெனக் வாங்கவே வேண்டாம். நீர் திரும்பவும் தேங்கும்.

படுக்கும்போது மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா? நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுவாருங்கள்.