கவுன்டரில் வாடிக்கையாளர் மிரட்டியது குறித்த அறிக்கை

பெறுநர்: கிளை மேலாளர்
அனுப்புநர்: எழுத்தர், 2-ஆம் கவுன்டர், பார்சல் பிரிவு
நாள்: 12.03.2024, செவ்வாய்க்கிழமை

ஐயா,

இன்று மாலை 5.10 மணியளவில் ஒரு வாடிக்கையாளர் தன் அண்ணன் பெயருக்கு வந்த பார்சலைக் கேட்டார். வயது 40 இருக்கலாம். நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். பெறுபவரின் அடையாள அட்டை நகலோ, ஒப்புதல் கடிதமோ அவரிடம் இல்லை. இரண்டும் இல்லாமல் தர இயலாது என்றேன். அண்ணன் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் போதும் என்றும் சொன்னேன். “அவன் போனை எடுக்க மாட்டான், நீ குடு” என்றார்.

1-ஆம் கவுன்டர் மூடியிருந்ததால் அவர் சுமார் 25 நிமிடம் வரிசையில் நின்றிருந்தார். அதைச் சொல்லித்தான் முதலில் கோபப்பட்டார். அதில் நியாயம் இருந்தது. காத்திருக்க வைத்ததற்கு வருத்தம் தெரிவித்தேன்.

அப்புறம் குரல் உயர்ந்தது. என்னையும் என் குடும்பத்தையும் சேர்த்துத் திட்டினார். அந்தச் சொற்களை இங்கே எழுதவில்லை. விசாரணைக்குத் தேவையென்றால் தனித்தாளில் தருகிறேன். மிரட்டலை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “ஏழு மணிக்கு வெளிய வருவல்ல? வாசல்லயே நிப்பேன். கை கால் முழுசா வீட்டுக்குப் போறியான்னு பாக்குறேன்.” சொல்லும்போது ஹெல்மெட்டால் கவுன்டர் கண்ணாடியை இரண்டு முறை தட்டினார். கண்ணாடி உடையவில்லை, கீழ் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்திருக்கிறது. யார் மீதும் அடி படவில்லை.

சத்தம் கேட்டு எடை மேடையிலிருந்து வந்த உதவியாளரிடம், “உனக்கும் சேர்த்துத்தான்” என்றார். காவலாளி வந்ததும் 5.20-க்கு வெளியே போய்விட்டார். வாசலில் சிவப்பு பைக் அருகே சிறிது நேரம் நின்றதாகக் காவலாளி சொன்னார். அதை நான் பார்க்கவில்லை. வண்டி எண்ணை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அவர் குடித்திருந்தாரா என்று பிறகு சிலர் கேட்டார்கள். என்னிடம் பேசியபோது வாடை எதுவும் தெரியவில்லை, பேச்சும் குழறவில்லை. எனவே அப்படி எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.

நான் திருப்பித் திட்டவில்லை. “சத்தம் போடாதீர்கள், மேலாளரிடம் பேசலாம்” என்று இரண்டு முறை சொன்னேன். தாங்கள் அப்போது வெளியே சென்றிருந்தீர்கள். பார்சல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. வரிசையில் அடுத்து நின்ற பெண்மணி, தேவைப்பட்டால் சாட்சி சொல்வதாகக் கூறித் தன் எண்ணைக் காவலாளியிடம் கொடுத்திருக்கிறார்.

கேமரா பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் 5.00 முதல் 5.30 வரையிலான பகுதியை இன்றே எடுத்துவைக்க வேண்டுகிறேன். அவர் பார்சலுக்காக மறுபடி வரக்கூடும். அப்போது அதைத் தாங்களே கையாண்டால் நல்லது. வாசலில் நிற்பதாக அவர் சொன்னதால், இன்று கவுன்டர் மூடியதும் எங்கள் இருவரோடும் காவலாளியைப் பேருந்து நிறுத்தம் வரை அனுப்புங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதானால் கையெழுத்திட நான் தயார்.

இப்படிக்கு,
எழுத்தர், 2-ஆம் கவுன்டர்
மாலை 6.05