பில்ட் சர்வர்கள் அனைத்திலும் ஒரே கம்பைலர் பதிப்பை நிறுவக் கோரும் கடிதம்

நாள்: 16-02-2026
இடம்: கங்கைகொண்டான், திருநெல்வேலி

அனுப்புநர்:
குழுத் தலைவர்,
காற்றாலைத் தரவுச் சேகரிப்பு மென்பொருள் குழு.

பெறுநர்:
கணினி நிர்வாகி அவர்கள்,
சர்வர் மற்றும் வலையமைப்புப் பிரிவு.

பொருள்: `build-01` முதல் `build-04` வரையுள்ள நான்கு பில்ட் சர்வர்களிலும் ஒரே கம்பைலர் பதிப்பையும் அதனோடு சேர்ந்த லைப்ரரிகளையும் நிறுவித் தருமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பணகுடி, இராதாபுரம் வட்டாரங்களில் உள்ள காற்றாலைத் தளங்களின் கணினிகளில் இயங்கும் `kaatru-log` மென்பொருளை எங்கள் குழு பராமரித்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். அதன் ஒவ்வொரு வெளியீடும் தங்கள் பொறுப்பில் உள்ள நான்கு பில்ட் சர்வர்களில் எது அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கிறதோ அதில் உருவாகிறது. ஜென்கின்ஸ் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறை அப்படி. நான்கு சர்வர்களும் ஒரே மாதிரி இருந்தால் இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவை வெவ்வேறு காலத்தில் வாங்கப்பட்டு, வெவ்வேறு தேவைகளுக்காக அமைக்கப்பட்டவை என்பதால், இன்று நான்கிலும் நான்கு விதமான கம்பைலர்கள் இருக்கின்றன. `build-01` இல் உபுண்டு 20.04 உடன் ஜிசிசி 9.4.0, `build-02` இல் உபுண்டு 22.04 உடன் ஜிசிசி 11.4.0, `build-03` இல் அதே 22.04 மீது தனியாக நிறுவப்பட்ட ஜிசிசி 12.3.0, `build-04` இல் உபுண்டு 24.04 உடன் ஜிசிசி 13.3.0 என்று இருப்பதைச் சென்ற வாரம் ஒவ்வொன்றிலும் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

இதன் விளைவு என்ன என்பதற்கு அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தளத்துக் கணினிகள் எல்லாம் உபுண்டு 22.04 இல் இயங்குகின்றன. ஜனவரி மாத வெளியீடு `build-04` இல் உருவாகி, எல்லாச் சோதனைகளிலும் தேறி, பணகுடிப் பக்கத்துத் தளம் ஒன்றில் நிறுவப்பட்டபோது, நிரல் தொடங்கவே இல்லை. அங்கிருந்த பொறியாளர் அனுப்பிய திரைப்பிடிப்பில் இருந்த வரி இது:

```
./kaatru-log: /lib/x86_64-linux-gnu/libc.so.6: version `GLIBC_2.38' not found (required by ./kaatru-log)
```

உபுண்டு 22.04 இல் உள்ள `glibc` பதிப்பு 2.35; 24.04 இல் உள்ளது 2.39. எங்கள் நிரலில் எழுத்து வடிவ எண்ணை முழு எண்ணாக மாற்ற `strtol` என்ற சாதாரண அழைப்புதான் இருக்கிறது. ஆனால் 2.38 முதல் `glibc` தலைப்புக் கோப்புகள் அதை `__isoc23_strtol` என்ற புதிய பெயருக்குத் திருப்பிவிடுகின்றன. அந்தப் பெயர் தளத்துக் கணினியின் லைப்ரரியில் கிடையாது. ஆகவே நிரலில் ஒரு வரியும் மாறாமலே, உருவான சர்வர் மாறிய ஒரே காரணத்தால், அது தளத்தில் இயங்காமல் போனது. சோதனைகளும் அதே `build-04` இல் ஓடியதால் அவை எச்சரிக்கவும் வழியில்லை. அதே வெளியீட்டை `build-02` இல் மறுபடி உருவாக்கி அனுப்பியதும் சரியாக ஓடியது. இடையில் தளத்துப் பொறியாளர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் கோபுரத்தடியில் காத்திருக்க நேர்ந்தது.

இயங்கவே மறுக்கும் நிரலாவது உடனே தெரிந்துவிடுகிறது. அதைவிடக் கவலை தருவது, இயங்கிக்கொண்டே வேறு விதமாக நடந்துகொள்ளும் நிரல். இராதாபுரம் பக்கத்துத் தளம் ஒன்றில் நிரல் அவ்வப்போது நின்றுபோவதாகத் தகவல் வந்து, அங்கிருந்து கோர் கோப்பை வரவழைத்தோம். அதே வெளியீட்டு டேகை எடுத்து, பிழைதிருத்தக் குறிப்புகளோடு மறுபடி உருவாக்கி, `gdb` இல் திறந்தால், நிரல் போகவே முடியாத ஒரு செயற்கூற்றில் நின்றதாக அது காட்டியது. குழுவில் மூன்று பேர் அந்தச் செயற்கூற்றைத் துருவிக்கொண்டிருந்த பிறகுதான், இரண்டு கோப்புகளிலும் `readelf -p .comment` கொடுத்துப் பார்த்தோம். தளத்துக்குப் போனது ஜிசிசி 11.4.0 இல் உருவானது. நாங்கள் கையில் வைத்திருந்தது `build-03` இல் 12.3.0 கொண்டு உருவானது. ஜிசிசி 12 முதல் `-O2` நிலையிலேயே வெக்டரைசேஷன் இயங்கத் தொடங்கிவிடுவதால், அதே மூல நிரலுக்கு இரண்டு கம்பைலர்களும் வெவ்வேறு இயந்திரக் கட்டளைகளை எழுதுகின்றன. முகவரிகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அந்தக் கோர் கோப்பு எங்களுக்குப் பயன்பட வேண்டுமானால், அந்த வெளியீட்டை எந்தச் சர்வரில் எப்போது கேட்டாலும் அதே கம்பைலரில் உருவாக்க முடிய வேண்டும். என் வேண்டுகோளின் உயிர்நாடி இதுதான் ஐயா.

இவை தவிர, உருவாக்கும்போதே நின்றுவிடும் சிறு சிக்கல்களும் உண்டு. பழைய சி நிரல் ஒன்றில் தலைப்புக் கோப்பிலேயே ஒரு பொது மாறி அறிவிக்கப்பட்டிருக்கிறது. `build-01` அதை ஏற்றுக்கொள்கிறது, ஜிசிசி 10 முதல் `-fno-common` இயல்பாகிவிட்டதால் மற்ற மூன்றும் லிங்க் செய்யும்போது மறுத்துவிடுகின்றன. `<cstdint>` சேர்க்காத ஒரு கோப்பு மூன்று சர்வர்களில் உருவாகி `build-04` இல் மட்டும் நிற்கிறது. இவை நிரலில் திருத்த வேண்டியவை. எங்கள் குழு அவற்றைத் திருத்திக்கொண்டிருக்கிறது. சி++ தரத்தையும் கம்பைலரின் இயல்புக்கு விட்டுவிடாமல் `-std=c++17` என்று எல்லா மேக்ஃபைல்களிலும் எழுதிவிட்டோம். இந்தப் பொறுப்பைத் தங்கள் பிரிவின் மேல் ஏற்ற நான் விரும்பவில்லை.

தங்களிடம் வேண்டுவது, எந்தச் சர்வரில் உருவானாலும் வெளியீடுகள் உபுண்டு 22.04 உம் ஜிசிசி 11.4.0 உம் கொண்டே உருவாக வேண்டும் என்பது. இந்தப் பதிப்பைத் தேர்ந்ததற்குக் காரணம், தளத்துக் கணினிகளில் இருப்பதும் அதே 22.04 என்பதும், அதற்கு 2027 வரை வழக்கமான ஆதரவு இருக்கிறது என்பதும்தான். கம்பைலரை மட்டும் மாற்றினால் போதாது என்பதை மேலே சொன்ன `GLIBC_2.38` பிழையே காட்டும்: `build-04` இல் `g++-11` நிறுவினாலும் அது அந்தச் சர்வரின் 2.39 `glibc` மீதே லிங்க் செய்யும், பிழை அப்படியே நிற்கும். எனவே கம்பைலர், லிங்கர், `libstdc++`, `glibc` ஆகிய நான்கும் ஒரே தொகுதியாக வர வேண்டும்.

இதற்காக நான்கு சர்வர்களின் இயங்குதளத்தையும் மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. மற்றக் குழுக்களும் அவற்றைப் பயன்படுத்துகின்றன; அவர்கள் வேலையைக் குலைப்பது முறையாகாது. 22.04 அடிப்படையில் ஒரு டாக்கர் இமேஜ் உருவாக்கி, நம் அலுவலக ரெஜிஸ்ட்ரியில் வைத்து, எங்கள் ஜென்கின்ஸ் வேலைகள் நான்கு சர்வர்களிலும் அந்த இமேஜுக்குள் மட்டுமே ஓடுமாறு அமைத்தால் போதும். இமேஜைப் பெயரால் அழைக்காமல் அதன் டைஜஸ்டால் அழைக்குமாறு வைக்க வேண்டுகிறேன். பெயர் அப்படியே இருக்க உள்ளே இருப்பது மாறிவிடலாம். டைஜஸ்ட் ஒன்றென்றால் உள்ளடக்கமும் ஒன்றுதான். இமேஜைப் புதுப்பிக்க வேண்டி வந்தால் எங்களுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் புதுப்பிக்கலாம். பழைய டைஜஸ்டை மட்டும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பழைய வெளியீட்டுக்குக் கோர் கோப்பு வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

டாக்கர் வேண்டாம் என்று தாங்கள் கருதினால், நான்கையும் 22.04 ஆக்குவது மற்றொரு வழி. அப்போது பின்வரும் கட்டளையும் தேவைப்படும். இல்லாவிட்டால் தானியங்கிப் புதுப்பித்தல் ஒரு சர்வரை மட்டும் முன்னே தள்ளிவிடக்கூடும்.

```
sudo apt-mark hold gcc-11 g++-11 cpp-11 libstdc++-11-dev
```

எந்த வழியானாலும், ஒவ்வொரு வெளியீட்டு வேலையின் முதல் படியாக இந்தச் சோதனையைச் சேர்க்க அனுமதி வேண்டுகிறேன். பதிப்பு மாறியிருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். தளத்துக்குப் போய் நிற்பதைவிட அது மேல்.

```
test "$(g++ -dumpfullversion)" = "11.4.0" || exit 1
```

நான்கு சர்வர்களும் பகிர்ந்துகொள்ளும் `ccache` சேமிப்பை, மாற்றம் முடிந்த அன்று ஒருமுறை காலி செய்ய வேண்டும். அதன் அமைப்பில் `compiler_check = content` என்றும் மாற்றினால், கம்பைலர் கோப்பின் தேதியைப் பாராமல் உள்ளடக்கத்தையே பார்த்து அது முடிவெடுக்கும்.

புதிய கம்பைலர்களை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. பழைய கம்பைலர் சொல்லாத குறைகளைப் புதியது சுட்டிக்காட்டுகிறது; `<cstdint>` விஷயத்தையே `build-04` தான் காட்டிக்கொடுத்தது. அதனால் அந்தச் சர்வரின் ஜிசிசி 13 ஐ இரவு நேரச் சோதனைக்கு மட்டும் விட்டுவைக்க வேண்டுகிறேன். அதில் உருவாகும் எதுவும் வெளியீட்டுக் கோப்புறைக்குள் போகக் கூடாது என்ற தடை மட்டும் இருந்தால் போதும்.

`build-01` இல் உள்ள உபுண்டு 20.04 இன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதைப் புதுப்பிப்பது தங்கள் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கலாம்; இந்த வேண்டுகோளுக்காக அதை முன்தள்ள வேண்டியதில்லை, இமேஜ் அதிலும் ஓடும்.

கால அளவு குறித்து ஒரு விண்ணப்பம். மே மாதம் காற்றுக் காலம் தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை தளங்களில் யாரும் கணினியைத் தொட விடமாட்டார்கள்; ஆண்டு உற்பத்தியில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் கிடைக்கிறது. எனவே ஏப்ரல் நடுவில் எங்கள் இறுதி வெளியீட்டை அனுப்பியாக வேண்டும். மார்ச் முதல் வாரத்துக்குள் `build-02` இல் மட்டும் இமேஜை அமைத்துத் தந்தால், நாங்கள் இரண்டு வாரம் அதில் ஓட்டிப் பார்த்துத் தகவல் தருவோம். அதன்பின் மற்ற மூன்றிலும் மார்ச் இறுதிக்குள் முடித்துவிடலாம். பிற குழுக்களின் வேலைக்கு இடையூறு வராதபடி எந்த நாள், எந்த நேரம் வசதி என்று தாங்கள் குறித்தால் அதற்கு ஏற்ப நாங்கள் வேலைகளை நிறுத்திக்கொள்கிறோம். இமேஜுக்கான டாக்கர்ஃபைலை எங்கள் குழுவில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தாங்கள் பார்த்துத் திருத்துவதற்காக இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். இமேஜ் அமைக்கும் நாட்களில் அவர் தங்கள் பிரிவிலேயே வந்து உடனிருப்பார்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழுத் தலைவர்,
காற்றாலைத் தரவுச் சேகரிப்பு மென்பொருள் குழு.

இணைப்பு: டாக்கர்ஃபைல், நான்கு சர்வர்களின் கம்பைலர், லைப்ரரி பதிப்புப் பட்டியல்.
நகல்: திட்ட மேலாளர் அவர்களின் தகவலுக்காக.