பொருள்: உருகி வந்த சன்ஸ்கிரீன் – பேட்ச் விவரமும் மாற்றுப் பொருளும் கோருதல் (ஆர்டர் எண் 40718)

வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மே 6 அன்று நான் ஆர்டர் செய்த எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் டியூப்கள் இரண்டும் (50 கிராம், ஒன்று 549 ரூபாய்) 14ஆம் தேதி பிற்பகல் தங்கச்சிமடம் வந்து சேர்ந்தன. அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. ஒரு டியூப்பில் பாதிக் கிரீம் மூடி வழியாக வெளியே வந்துவிட்டது. மற்றதை அழுத்தினேன், முதலில் மஞ்சளாக எண்ணெய் வடிந்தது, பிறகு திரிந்த பால் போல வெள்ளைத் துகள்கள் வந்தன. பெட்டியைப் பிரிக்கும்போதே எடுத்த நான்கு படங்களை இணைத்திருக்கிறேன்.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், “கோடையில் இளகுவது இயல்புதான், ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும்” என்றார். இறுகலாம். ஆனால் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிட்ட கிரீம் தோலில் ஒரே சீராகப் படியாது. அப்புறம் டியூப்பில் எஸ்பிஎஃப் 50 என்று அச்சடித்திருப்பதில் என்ன பொருள்? நானும் என் நாத்தனாரும் பாசி வளர்க்கும் மிதவைகளில் வேலை செய்கிறோம். விடிந்ததும் தண்ணீரில் இறங்கினால் கரையேற மதியமாகிவிடும். மேலிருந்து அடிக்கும் வெயில் போதாதென்று கடல்நீரில் பட்டுத் திரும்புவதும் முகத்தில்தான் விழுகிறது. அழகுக்காக வாங்கிய பொருள் அல்ல இது.

ஊர் வெயிலைக் காரணம் சொல்லவும் வேண்டாம். பிப்ரவரியில் உங்களிடமே வாங்கிய இதே சன்ஸ்கிரீன், இதே கத்திரி வெயிலில், ஓட்டு வீட்டு அலமாரியில் இன்னும் கெடாமல் இருக்கிறது. ஆகவே குறை வழியில் நேர்ந்ததா, இந்தப் பேட்ச்சிலேயே இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். வழிந்த கிரீம் பட்டு ஒரு டியூப்பில் பேட்ச் எண் அழிந்துவிட்டது. மற்றதில் முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன. இரண்டு டியூப்களின் பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளரின் உரிம எண் ஆகியவற்றை எழுத்தில் அனுப்புங்கள். கிடங்கிலிருந்து எந்த நாளில் புறப்பட்டது, இடையில் எங்கே எத்தனை நாள் கிடந்தது என்பதையும் சொல்லுங்கள்.

மாற்று டியூப்கள் இரண்டும் வேறு பேட்ச்சிலிருந்து வர வேண்டும். அதே பேட்ச்சை மறுபடி அனுப்பினால் வாங்கிக்கொள்ள மாட்டேன். வேறு பேட்ச் இல்லையென்றால் 1,098 ரூபாயைத் திருப்பிச் செலுத்திவிடுங்கள். அழகுப் பொருள்களைத் திரும்பப் பெறுவதில்லை என்ற உங்கள் விதியைப் படித்தேன். கெட்டுப்போய் வந்த பொருளுக்கு அது பொருந்தாது. வந்த டியூப்களை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். காலையில் வந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம், மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
ஜெனிட்டா
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்
மே 16