நான் எவ்வளவு ஆடுகிறேன்? (நீங்களே போட்டுப் பார்க்கும் கணக்கு)

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தோழர்களுக்கும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தத் தாள். பெயர் எழுத வேண்டாம், யாரிடமும் கொடுக்க வேண்டாம். விடைகளைத் தனியாக ஒரு துண்டுத் தாளில் எண்ணாக மட்டும் குறித்துக்கொண்டு, கூட்டிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடலாம். கேள்விகளுக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலைக்குத்தான் அரை மணி நேரம் ஆகும்.

ஆட்டம் என்று இங்கே சொல்வது பணம் வைத்து ஆடும் எல்லாவற்றையும்தான். போனில் ரம்மி, கலர் கேம், கிரிக்கெட் பெட்டிங், மூணு நம்பர், வாளையாறு தாண்டிப் போய் வாங்கிவரும் லாட்டரி, ரூமில் சனிக்கிழமை ராத்திரி போடும் சீட்டுக்கட்டு, சேவல் கட்டில் வைக்கும் பந்தயம். மாதாமாதம் கட்டும் ஏலச்சீட்டு இதில் சேராது. 'ரம்மி திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லை' என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வழக்கு நீதிமன்றங்களில் வருஷக்கணக்காக நடந்திருக்கிறது. இந்தத் தாளுக்கு அந்த வாதம் தேவையில்லை. திறமையால் போனாலும் அதிர்ஷ்டத்தால் போனாலும் வாடகைப் பணம் வாடகைப் பணம்தான்.

முதலில் போனை எடுங்கள்

கேள்விகளுக்குப் போகும் முன், உங்கள் ஜிபே அல்லது போன்பே கணக்கில் கடைசி மூன்று மாதப் பரிவர்த்தனைகளைத் திறங்கள். பேங்க் பாஸ்புக் பதிவு செய்திருந்தால் இன்னும் நல்லது. ஆட்டத்துக்குப் போன தொகை எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதுங்கள், ஆட்டத்திலிருந்து வந்ததை இன்னொரு பக்கம். ஏஜென்டுக்குக் கையில் கொடுத்த ரொக்கத்தையும், நண்பர் நம்பருக்குப் போட்டு அவர் மூலம் ஆடியதையும் விடாதீர்கள். ஆப் வாலட்டில் தெரியும் 'பேலன்ஸ்' வரவு ஆகாது. உங்கள் பேங்குக்கு வந்து சேர்ந்தால்தான் வரவு.

இதை ஏன் முதலில் வைத்திருக்கிறேன் என்றால், ஜெயித்தது மட்டுமே நமக்கு ஞாபகம் இருக்கும். என்னிடம் வந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர், 'மொத்தத்தில் பார்த்தால் அப்படி ஒன்றும் போகலை சார், ஏறி இறங்கி சமமாத்தான் இருக்கு' என்றார். ஒரே ராத்திரியில் 8,000 ஜெயித்த நாளும், அன்றைக்கு வாங்கிச் சாப்பிட்ட பிரியாணியும் அவருக்கு அப்படியே நினைவில் இருந்தன. இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். மூன்று மாதத்தில் போனது 61,400. வந்தது 19,000. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார். நூறும் இருநூறுமாகப் போனது எதுவும் அவர் மனசில் பதிவாகவே இல்லை. கணக்குப் பார்க்கும் முன் இதே கேள்விகளுக்கு அவர் போட்ட மதிப்பெண் 4. பார்த்த பிறகு 12.

அந்த இரண்டு தொகையையும் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

ஒன்பது கேள்விகள்

கடந்த 12 மாதத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். போன தீபாவளி போனஸ் வாங்கிய நாளையும் சேர்த்து. ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'எப்போதாவது' என்றால் 1, 'அடிக்கடி' என்றால் 2, 'அநேகமாக எப்போதும்' என்றால் 3. இரண்டு எண்களுக்கு நடுவில் தடுமாறினால் பெரியதைப் போடுங்கள். தடுமாறும்போது மனசு எப்போதும் சின்னதைத்தான் கை காட்டும்.

1. வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், மளிகை, ஊருக்கு அனுப்ப வேண்டியது என்று ஏற்கெனவே பெயர் வைத்த பணத்தை எடுத்து ஆடியிருக்கிறீர்களா? பிற்பாடு ஜெயித்துத் திரும்ப வைத்துவிட்டிருந்தாலும் அது ஆடியதுதான்.

2. முன்பு போட்ட தொகைக்கு இப்போது சுவாரஸ்யம் வராமல் தொகையைக் கூட்டியிருக்கிறீர்களா? பத்து ரூபாய் டேபிளில் ஆரம்பித்து இப்போது நூறு ரூபாய் டேபிளில் உட்காருவது மாதிரி.

3. விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடியிருக்கிறீர்களா? அன்றைக்கே பிடிக்கப் பார்த்தாலும் மறுநாள் பிடிக்கப் பார்த்தாலும் ஒன்றுதான். 'இந்த ஒரு ஆட்டம், போட்ட காசு வந்துட்டா எழுந்துடுவேன்' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட ராத்திரிகளை எண்ணிப் பாருங்கள். வந்த பிறகு எழுந்தீர்களா என்பதையும்.

4. ஆடுவதற்கோ, ஆடி வந்த கடனை அடைப்பதற்கோ கைமாற்று, கம்பெனி அட்வான்ஸ், லோன் ஆப், நகை அடகு, வட்டிக்காரர் என்று எங்கேயாவது பணம் புரட்டியிருக்கிறீர்களா? வீட்டில் இருக்கும் பொருளை விற்றதும் இதில் வரும். வண்டி ஆர்.சி. புத்தகம் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறதா?

5. எவ்வளவு போனது என்பதை வீட்டில் மறைத்திருக்கிறீர்களா? நேரடிப் பொய் மட்டும் இல்லை. பேங்க் மெசேஜை அழிப்பது, ஆப்புக்கு லாக் போடுவது, 'இந்த வாரம் பீஸ் கம்மி, அதான் சம்பளம் குறைஞ்சுடுச்சு' என்பது எல்லாமே.

6. நிறுத்த நினைத்து முடியாமல் போயிருக்கிறதா? ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கியது எத்தனை முறை? கோயிலில் வைத்துச் செய்த சத்தியம், குழந்தை தலையில் அடித்துச் சொன்னது எல்லாம் கணக்கில் வரும்.

7. ஆட்டத்தால் தூக்கமோ வேலையோ கெட்டிருக்கிறதா? மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மனசு ஸ்கோரில் இருப்பது, நைட் ஷிப்டுக்கு லீவு போட்டு மேட்ச் பார்ப்பது, ஆடாத நாளில் காரணமில்லாமல் எரிந்து விழுவது.

8. வேறு ஒரு வேதனையை மறக்க ஆடியிருக்கிறீர்களா? வீட்டுச் சண்டை, ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடிக் கிடந்த வாரம், கடன்காரர் போன்.

9. யாராவது உங்களிடம் 'நீ ரொம்ப ஆடுறே' என்று சொல்லியிருக்கிறார்களா, அல்லது யாரும் சொல்லாமலே உங்களுக்கு உறுத்தியிருக்கிறதா? சொன்னவர் மேல் உங்களுக்குக் கோபம் வந்திருந்தாலும் அவர் சொன்னது சொன்னதுதான்.

மதிப்பெண் இல்லாத கேள்வி

'செத்துப் போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும்' என்ற நினைப்பு வந்திருக்கிறதா? ஆம் என்றால் கூட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள், மதிப்பெண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. இன்றைக்கே, இப்போதே, 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். ரூமில் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பி, 'கொஞ்ச நேரம் என்கூட இரு' என்று சொல்லுங்கள். கடனுக்கு எப்படியும் வழி பண்ணலாம். இதுவரை நான் பார்த்த எந்தக் கடனும் ஒரே ராத்திரியில் தீர்க்க வேண்டியதாக இருந்ததில்லை, வட்டிக்காரர் அப்படித்தான் மிரட்டுவார் என்றாலும்.

கூட்டிப் பார்த்த பிறகு

மதிப்பெண் போடும் முறையும் கீழே உள்ள எல்லைகளும் கனடாவில் 2001இல் உருவாக்கப்பட்ட, பல நாடுகளில் பயன்படும் ஒன்பது கேள்வி அளவுகோல் ஒன்றிலிருந்து எடுத்தவை. கேள்விகளை நம் ஊர் நடப்புக்கு ஏற்ப நான் மாற்றி எழுதியிருக்கிறேன். ஆகவே எல்லைகளைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். 7க்கும் 8க்கும் நடுவில் ஒன்றும் மதில் சுவர் இல்லை. இது வியாதி இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் பரிசோதனையும் இல்லை. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

0 வந்தால், ஆட்டம் இப்போதைக்கு உங்களைப் பிடிக்கவில்லை. போனில் எழுதிய இரண்டு தொகையும் அதையே சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

1 அல்லது 2. பொழுதுபோக்கு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்று எந்தக் கேள்வியில் விழுந்தது? மூன்றாவதிலோ ஐந்தாவதிலோ என்றால் நான் இதைச் சின்ன எண்ணாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விட்டதைப் பிடிப்பதும் மறைப்பதும்தான் பெரும்பாலும் மற்றதெல்லாம் உள்ளே வரும் வாசல்.

3 முதல் 7 வரை. சேதம் தொடங்கிவிட்டது. ஆட்டம் இன்னும் உங்கள் கையில் இருப்பதாகத் தோன்றும், சில வாரம் இருக்கவும் செய்யும். இந்த நிலையில் மன உறுதியைவிடத் தடுப்பு வேலை செய்கிறது. சனிக்கிழமை சம்பளம் வந்தவுடன் வாடகையும் வீட்டுச் செலவும் வேறு ஒருவர் கணக்குக்குப் போய்விட வேண்டும். யுபிஐ தினசரி வரம்பைக் குறைத்துவிடுங்கள். டிப்ஸ் தரும் டெலிகிராம் குரூப்களிலிருந்து வெளியே வாருங்கள். ஒரே ஒருவரிடமாவது உண்மையான தொகையைச் சொல்லுங்கள். வட்டத் தொகையாக, 'ஒரு நாற்பது போயிருக்கும்' என்று சொல்லாதீர்கள். 42,400 என்று சொல்லுங்கள்.

8ம் அதற்கு மேலும். ஆட்டத்தை நிறுத்துவது இனி உங்களால் மட்டும் ஆகிற வேலை இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. சர்க்கரைக்கு மருத்துவரைப் பார்ப்பது போலத்தான் இதற்குப் பார்ப்பதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளி சீட்டு போட்டால் போதும். 'மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள்' என்று பயப்பட வேண்டாம். இதற்கான சிகிச்சையில் பெரும்பகுதி பேச்சும் பயிற்சியும்தான்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லோன் ஆப்பை அடைக்க இன்னொரு லோன் ஆப் எடுக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி வாங்குவது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம். மிரட்டினால் புகார் கொடுக்கலாம், துணைக்கு நாங்கள் வருவோம். வீட்டார் மொத்தக் கடனையும் ஒரே தடவையில் அடைத்துக் கையைக் கழுவிவிடுவது பல சமயம் நல்லதாக முடிவதில்லை. கணக்கு பூஜ்யம் ஆனதும் ஆட்டம் புதிதாகத் தொடங்கும். கடன் கொடுத்தவருக்கு நேராகக் கொடுங்கள், ஆடுபவர் கையில் கொடுக்காதீர்கள்.

'தடை வந்துடுச்சே, இனிமே எப்படி ஆட முடியும்' என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். லாட்டரியை 2003லேயே இங்கே தடை செய்தார்கள். மூணு நம்பர் இன்றைக்கும் எந்த டீக்கடையில் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகும் லிங்க் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களிடம் பணம் மாட்டினால் புகார் கொடுக்கக்கூட ஆள் முகவரி இருக்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்தத் தாள் அண்ணன் சட்டைப் பையில் கிடைத்து நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அக்கா, அவருக்காக நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம். போட்டுக் காட்டினால் சண்டைதான் வரும். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பையில் வைத்திருக்கிறார் என்றாலே பாதி தூரம் வந்துவிட்டார். உங்கள் நகை, உங்கள் பேங்க் புத்தகம், ஏ.டி.எம். பின் நம்பர் ஆகியவற்றை மட்டும் இன்றைக்கே பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் தனியாக என்னை வந்து பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை படிப்பகத்து மாடியில் இருப்பேன். படிக்கட்டு பின்பக்கம், கீழே பேப்பர் படிப்பவர்கள் கண்ணில் படாமல் ஏறி வரலாம். மதிப்பெண் எழுதிய துண்டுத் தாளைக் கிழித்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை. அந்த இரண்டு தொகையை மட்டும் எடுத்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து இதே தாளை, அதே மாதிரி போனைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

– ஆலோசகர்