ரூம் கொடுக்கும் முறை: ரிசப்ஷனில் இருப்பவர்கள் கவனத்துக்கு

நம் லாட்ஜுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வருகிறவர்கள். மற்றவர்கள் எம்.சி. ரோட்டில் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வரும் குடும்பங்கள், காசிமேட்டில் ஏலம் எடுக்க நடுராத்திரியில் வந்து இறங்கும் மீன் வியாபாரிகள். யாராக இருந்தாலும் முதலில் உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். அதன் பிறகு அடையாள அட்டையைக் கேளுங்கள். கேட்கும் முறையில் சந்தேகம் தெரியக் கூடாது. சரிபார்ப்பதில் சலுகையும் கூடாது.

ரூமில் தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் அசல் அட்டையைக் காட்ட வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பான் கார்டில் முகவரி இருக்காது, அதனால் அது மட்டும் போதாது. அட்டையில் உள்ள படத்தையும் எதிரே நிற்பவர் முகத்தையும் ஒரு முறை சேர்த்துப் பாருங்கள். பழைய படமாக இருந்து சந்தேகம் வந்தால் பிறந்த வருஷத்தையும் ஊரையும் சும்மா பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதாரை ஒருவர் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் எடுத்ததும் அசலைக் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். செக்-அவுட் வரை அட்டையை நாம் வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே கிடையாது. உங்கள் சொந்த செல்லில் படம் எடுப்பதோ வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதோ கண்டிப்பாகக் கூடாது. நம்மை நம்பிக் கொடுத்த அட்டை அது.

ஆம்புலன்ஸில் கூடவே ஏறி வந்தவரிடம் பர்ஸ்கூட இருக்காது. அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். டிஜிலாக்கர் ஆப்பை உங்கள் எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். கேலரியில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அதுவும் முடியவில்லை என்றால் ரூம் கொடுக்க முடியாது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து யாராவது அட்டை கொண்டுவரும் வரை கீழே ஹாலில் உட்கார விடுங்கள். பாத்ரூமைப் பயன்படுத்தட்டும். அதற்குக் காசு வாங்கக் கூடாது.

ஆணும் பெண்ணுமாக வருகிறவர்களிடம் கல்யாணப் பத்திரிகையோ தாலியோ பற்றிப் பேச்சு எடுக்காதீர்கள். கல்யாணமாகாத இருவர் ஒரே ரூமில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. இருவருக்கும் 18 வயது முடிந்திருக்கிறதா, இருவரிடமும் அட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெளிநாட்டவர் வந்தால் பாஸ்போர்ட், விசா பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, எந்த நேரமானாலும் எனக்கு போன் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரப் படிவத்தை ஆன்லைனில் அனுப்ப வேண்டும். ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடும் விஷயம் அல்ல.

ரெஜிஸ்டரை வாடிக்கையாளரே எழுத வேண்டும்: பெயர், முழு முகவரி, செல் நம்பர், எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார், வந்த காரியம், கூட இருப்பவர்கள், வண்டி நம்பர், கையெழுத்து. தேதியும் மணியும் நீங்கள் போடுங்கள். காரியம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினால் ஒரு வார்த்தை கேட்டு, ‘மாமியார் ஸ்டான்லியில் அட்மிட்’ என்பதுபோலத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதி, வாசித்துக் காட்டி, கைரேகை வாங்குங்கள். செல் நம்பருக்கு அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடியுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது. ஸ்டேஷனிலிருந்து வந்து கேட்டால் ரெஜிஸ்டரைக் காட்டுங்கள், வந்தவர் பெயரையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். போனில் யாராவது ‘இன்னார் அங்கே தங்கியிருக்கிறாரா’ என்று விசாரித்தால் பதில் சொல்லாதீர்கள்.

அட்வான்ஸ் என்பது ஒரு நாள் வாடகையும் 500 ரூபாய் டெபாசிட்டும். ஏ.சி. இல்லாத டபுள் ரூமுக்கு வாடகை 1,200, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 60, டெபாசிட் 500, ஆக 1,760 ரூபாய். வாங்கும்போதே இதைப் பிரித்துச் சொல்லி, ரசீதிலும் தனித்தனியாக எழுதுங்கள். செக்-அவுட்டில் வரும் சண்டையெல்லாம் டெபாசிட்டை வாடகை என்று நினைத்துக்கொள்வதால் வருவதுதான். ஜி.பே-யில் போட்டால் நம் ஸ்பீக்கர் தொகையைச் சொல்லும் வரை சாவி கொடுக்காதீர்கள். அவர் செல்லில் பச்சை டிக் தெரிவது கணக்கில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களிடம் மூன்று நாள், நாலு நாள் என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். டிஸ்சார்ஜ் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. நாளுக்கு நாள் வாங்கினால் போதும். அவர்களாகவே முன்பணம் கட்டியிருந்தால், தங்காத முழு நாட்களுக்கு உள்ளதை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

நமக்கு 24 மணி நேரக் கணக்கு. ராத்திரி 2 மணிக்கு வந்தவருக்கு மறுநாள் ராத்திரி 2 மணி வரை ரூம் உண்டு. சாவி கொடுக்கும்போது அந்த நேரத்தை ரசீதின் மேல் பெரிதாக எழுதி, வாயாலும் சொல்லுங்கள். பிறகு ரூம் பையனைக் கூட அனுப்பி, ஃபேன், குழாய், தாழ்ப்பாள் மூன்றையும் அவர் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.