பயிற்சி மருத்துவர்களைத் துன்புறுத்திய அறுவை சிகிச்சை மருத்துவர் மீது புகார் மனு

சென்னை,
17 நவம்பர் 2025

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்,
அரும்பாக்கம், சென்னை.

பொருள்: பட்டமேற்படிப்பு அறுவை சிகிச்சை மாணவர்களை அடித்தும், இழிவாகப் பேசியும், பழிவாங்கியும் வரும் பதிவு பெற்ற மருத்துவர் மீது ஒழுங்கு விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடித்து, தங்கள் கவுன்சிலில் பதிவு பெற்றுள்ள மருத்துவர். எதிர்தரப்பு மருத்துவர் தலைமை வகிக்கும் யூனிட்டில் சீனியர் ரெசிடென்டாகப் பணியாற்றி, 30 செப்டம்பர் 2025 அன்று விலகினேன். இது பெயரில்லாப் புகார் அல்ல. எதிர்தரப்பு மருத்துவர், மருத்துவமனை, நான், பாதிக்கப்பட்ட மூன்று பிஜி மாணவர்கள், சாட்சிகள் ஆகிய எல்லோருடைய பெயர், பதிவு எண், முகவரி விவரங்களும் மூடிய உறையில் இத்துடன் உள்ளன. அந்த மூவரும் இன்னும் அதே யூனிட்டில்தான் படிக்கிறார்கள். அதனால் இந்த மனுவில் அவர்களை முதல் மாணவர், இரண்டாம் மாணவர், மூன்றாம் மாணவர் என்றே குறிப்பிடுகிறேன். உறையைக் கவுன்சில் மட்டும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசர அறுவையின்போது மூத்தவர் சத்தம் போடுவதையோ, வேலையில் கண்டிப்பாக இருப்பதையோ நான் புகாராகச் சொல்லவில்லை. ரத்தம் கொட்டும்போது யாரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. எதிர்தரப்பு மருத்துவர் கைத்திறன் உள்ளவர். அவரிடம் நானும் கற்றிருக்கிறேன். கீழே உள்ள எதுவும் கற்பிப்பதோடு சம்பந்தப்பட்டதல்ல.

11 மார்ச் 2025, செவ்வாய் இரவு, அவசர ஆபரேஷன் தியேட்டர்

குடலில் ஓட்டை விழுந்து வந்த நோயாளிக்கு வயிற்றைத் திறந்து அறுவை நடந்தது. நான் முதல் உதவியாளர், முதல் மாணவர் இரண்டாம் உதவியாளர். ரிட்ராக்டர் சற்று நழுவியது. எதிர்தரப்பு மருத்துவர் கையிலிருந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் மாணவரின் விரல் முட்டியில் இரண்டு முறை அடித்தார். இரண்டாம் அடியில் கிளவுஸ் கிழிந்து தோல் வெட்டுப்பட்டது. மாணவர் கையுறை மாற்ற நகர்ந்தபோது, "அப்படியே பிடி, செத்துப்போக மாட்டே" என்றார். ஸ்க்ரப் நர்ஸ் குறுக்கிட்ட பிறகுதான் மாணவர் மேஜையை விட்டு விலக முடிந்தது. இதை நான் நேரில் பார்த்தேன்.

திறந்த காயத்தோடு, கிழிந்த கிளவுஸோடு ஒருவர் நோயாளியின் வயிற்றுக்குள் கை வைத்திருந்தார். மாணவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. அன்றிரவே மருத்துவமனையின் கூர்முனைக் காயப் பதிவேட்டில் பதிவு செய்து, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப்பட்டது. பதிவேட்டுப் பக்கத்தின் நகல், பரிசோதனை அறிக்கை, காயத்தின் புகைப்படம் ஆகியவை சான்று 1. பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'கருவி பட்டது' என்று மட்டுமே இருக்கிறது. உண்மைக் காரணத்தை எழுதும் துணிவு அன்று அந்த மாணவருக்கு வரவில்லை. அதை அவருடைய வாக்குமூலத்தில் விளக்கியிருக்கிறார். என் வாக்குமூலமும் ஸ்க்ரப் நர்ஸின் வாக்குமூலமும் சான்று 2.

22 மே 2025, வியாழன் காலை ரவுண்ட்ஸ், ஆண்கள் அறுவை வார்டு

டிரெயின் அளவு ஒரு ஷீட்டில் ஏறவில்லை. அதற்காக இரண்டாம் மாணவரை நோயாளிகள், உறவினர்கள், பயிற்சி நர்ஸ்கள் முன்னால் நிறுத்தி, "கோட்டாவில் வந்த கைக்குக் கத்தி எதுக்கு, துடைப்பம் போதும்" என்றார். அப்புறம் வார்டின் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து வரச் சொல்லி, ரவுண்ட்ஸ் முடியும்வரை கையில் பிடித்துக்கொண்டே வர வைத்தார். நான் அந்த ரவுண்ட்ஸில் இல்லை, ஓபியில் இருந்தேன். உடன் இருந்த பிஜி ஒருவரும் வார்டு நர்ஸும் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் (சான்று 3). சொன்ன வார்த்தையில் இருவருக்கும் சிறு வேறுபாடு உண்டு; நான் அதைத் திருத்தச் சொல்லவில்லை. அன்று மாலை 4.12 மணிக்கு அந்த மாணவர் தன் அண்ணனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இணைக்கப்பட்டுள்ளது.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது தனிச் சட்டப்படி காவல்துறைக்குப் போக வேண்டிய குற்றமும்கூட. அதைப் பற்றி அந்த மாணவர் தன் குடும்பத்தோடு பேசி முடிவெடுப்பார். அந்த முடிவுக்காகக் கவுன்சில் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் வேண்டுகோள்.

9 ஜூலை 2025 அதிகாலையும் அதன் பின்விளைவும்

இந்தச் சம்பவத்தைக் கவுன்சில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். குடல் அடைப்போடு வந்த ஒரு மூதாட்டியைப் பற்றி மூன்றாம் மாணவர் இரவு 1.10 மணிக்கு எதிர்தரப்பு மருத்துவருக்கு போன் செய்தார். 1.40, 2.25 மணிக்கும் அழைத்தார். மூன்று அழைப்புகளும் எடுக்கப்பட்டன. "காலையில் பார்க்கலாம்" என்பதே பதில். 4.20 மணிக்கு நான்காம் அழைப்புக்குப் பிறகு ஐந்து மணியளவில் வந்தார். அறுவை முடிந்ததும், முதல் தகவல் 4.20க்குத்தான் வந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதும்படி மாணவரிடம் சொன்னார். மாணவர் மறுத்தார்.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை 12 ஜூலை காலை 8 மணி முதல் செவ்வாய் 15 ஜூலை நண்பகல் வரை அந்த மாணவர் தொடர்ந்து டூட்டியில் வைக்கப்பட்டார். மொத்தம் 76 மணி நேரம். யூனிட்டின் வாட்ஸ்அப் குழுவில் எதிர்தரப்பு மருத்துவரின் எண்ணிலிருந்து வந்த செய்தி: "கேஸ் ஷீட்டில் நேரம் எழுதத் தெரிந்தவர் செவ்வாய் வரை வார்டை விட்டு வெளியே போகக் கூடாது. மாற்று ஆள் கொடுத்தால் கொடுப்பவரும் உள்ளே." நானும் அந்தக் குழுவில் இருந்தேன்.

இதற்குச் சான்றுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மாணவரின் தொலைபேசி நிறுவன அழைப்பு விவரம் (சான்று 4) நான்கு அழைப்புகளையும் அவை எத்தனை விநாடி நீடித்தன என்பதையும் காட்டுகிறது. அச்சிட்ட டூட்டி பட்டியல் (சான்று 5) அந்த மாணவருக்கு ஞாயிறு ஓய்வு என்கிறது. ஆனால் அந்த நான்கு நாட்களிலும் கேஸ் ஷீட்டுகளில் அவர் கையெழுத்து, இரவும் பகலும் மணிவாரியாக இருக்கிறது. நோயாளிகளின் ரகசியம் கருதி அந்த ஷீட்டுகளை நாங்கள் நகலெடுக்கவில்லை. உள்நோயாளி எண்களை மட்டும் மூடிய உறையில் தந்திருக்கிறோம். 9 ஜூலை கேஸ் ஷீட், அந்த நான்கு நாள் ஷீட்டுகள், தியேட்டர் பதிவேடு, மயக்க மருந்துக் குறிப்பு ஆகியவற்றின் அசல்களைக் கவுன்சிலே வரவழைக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் சான்று 6.

4 ஆகஸ்ட் 2025, எதிர்தரப்பு மருத்துவரின் அறை

மூன்றாம் மாணவர் தீசிஸில் கையெழுத்து கேட்கப் போனார். "நேரம் நேரம்னு எழுதினியே, இப்போ உன் நேரம் என் கையில. யூனிவர்சிட்டிக்கு உன் பெயரே போகாது" என்று எதிர்தரப்பு மருத்துவர் சொன்னது மாணவரின் போனில் பதிவாகியுள்ளது. உரையாடல் ஆறு நிமிடம், வெட்டு இல்லாமல் முழுமையாகத் தரப்படுகிறது. பெண் மாணவர் ஒருவரைப் பற்றிய ஆபாசப் பேச்சும் அதில் வருகிறது. அந்த மாணவர் உள் புகார்க் குழுவில் தனியே மனு கொடுத்திருப்பதால், அவர் விருப்பப்படி அந்தப் பகுதியை இந்தப் புகாரின் அடிப்படையாக நான் எடுக்கவில்லை. ஒலிப்பதிவு, எழுத்து வடிவம், பாரதிய சாட்சிய அதிநியம் 2023 பிரிவு 63ன்படி ஹாஷ் மதிப்போடு கூடிய சான்றிதழ் ஆகியவை சான்று 7. அசல் போன் மாணவரிடம் அப்படியே இருக்கிறது; கேட்டால் ஒப்படைப்பார்.

கல்லூரியில் செய்த முறையீடு

18 ஆகஸ்ட் அன்று மூவரும் நானும் கையெழுத்திட்டுக் கல்லூரி நிர்வாகத்துக்கு மனு கொடுத்தோம். 9 செப்டம்பர் தேதியிட்ட பதில், இது மாணவர்களுக்கிடையேயான ராகிங் அல்ல என்பதால் ராகிங் தடுப்புக் குழு எடுக்க முடியாது என்றும், 'யூனிட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளவும்' என்றும் சொல்கிறது (சான்று 8). அடித்தவரோடு அடிபட்டவர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். அதன் பிறகு முதல் மாணவர் இரண்டு மாதமாக எந்த அறுவையிலும் கை கழுவ அனுமதிக்கப்படவில்லை. அவருடைய லாக் புக் பக்கங்கள் சான்று 9.

கவுன்சிலின் அதிகாரம் பற்றி

இது கல்லூரியின் உள்விவகாரம் என்று எதிர்தரப்பு சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. நடைமுறையில் உள்ள 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில், 1.1.2 மருத்துவர் நேர்மையும் நல்லொழுக்கமும் அடக்கமும் உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது. 7.7 பொய்யான மருத்துவ ஆவணத்தைத் தொழில் தவறாகக் கருதுகிறது. அப்படி ஒன்றை எழுதச் சொல்லி மறுத்தவரைத் தண்டிப்பது அதைவிடச் சிறிய தவறாக இருக்க முடியாது. அத்தியாயம் 7ல் உள்ள தவறுகளின் பட்டியல் முழுமையானதல்ல, மற்ற தவறுகளையும் கவுன்சில் விசாரிக்கலாம் என்று 8.1 தெளிவாகச் சொல்கிறது. சக மருத்துவரின் நெறிமுறை மீறலை அச்சமோ தயவோ இன்றி வெளிப்படுத்த வேண்டும் என்பது 1.7. அந்தக் கடமையின்படியே எழுதுகிறேன்.

ஆகவே கேட்டுக்கொள்வது:

விதி 8.2ன் கீழ் விசாரணை தொடங்கி, எதிர்தரப்பு மருத்துவருக்கும் தன் தரப்பைச் சொல்ல முழு வாய்ப்பளித்து, 8.4 சொல்லும் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். மேலே சொன்ன அசல் ஆவணங்களைத் தாமதமின்றிக் கேட்டுப் பெற வேண்டும். கேஸ் ஷீட்டுகள் காணாமல் போனால், மூன்றாம் மாணவர் அந்த நான்கு நாட்களும் டூட்டியில் இருந்ததைக் காட்ட அவர் கையெழுத்துள்ள வேறு காகிதம் இல்லை. மாணவர்களை அவர்கள் கல்லூரியிலிருந்து தள்ளி, கவுன்சில் அலுவலகத்தில், எதிர்தரப்பு மருத்துவர் இல்லாத நேரத்தில் தனித்தனியே விசாரிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை இம்மூவரின் தீசிஸ் வழிகாட்டியாகவோ தேர்வாளராகவோ அவர் இருக்கக் கூடாது என்று கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பரிந்துரைக்க வேண்டும். கல்லூரிக்கு உத்தரவிடுவது கவுன்சிலின் வேலை இல்லை என்பது தெரியும். ஆனாலும் கவுன்சிலின் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. மூன்றாம் மாணவரின் தீசிஸ் சமர்ப்பிக்கும் கடைசித் தேதி நெருங்குவதால் இந்த ஒன்றையாவது முதலில் செய்யுங்கள்.

நான் நேரில் பார்த்தவை 11 மார்ச் சம்பவமும் வாட்ஸ்அப் செய்திகளும் மட்டுமே. மற்றவை சாட்சிகளின் எழுத்துமூல வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் கொண்டு எழுதப்பட்டவை. யூனிட்டில் பேசிக்கொள்ளப்படும் பழைய கதைகள் எதையும் சேர்க்கவில்லை. என் அறிவுக்கு எட்டியவரை இவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். எந்தத் தேதியில் அழைத்தாலும் நேரில் வந்து சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
புகார்தாரர்
(பெயரும் கையொப்பமும் மூடிய உறையில் உள்ள உறுதிமொழிப் பத்திரத்தில்)

இணைப்பு: சான்று 1 முதல் 9 வரை இரண்டு பிரதிகள், ஒலிப்பதிவு உள்ள பென் டிரைவ் ஒன்று, மூடிய உறை ஒன்று.