பிளெயின்டைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எதிராளிகளின்ர விண்ணப்பம்

திருகோணமலை மாவட்ட நீதிமன்றம்
காணி வழக்கு, பிளெயின்ட் போட்ட திகதி 2024 ஒக்டோபர் 14
அலெஸ்தோட்டம் 20 பேர்ச் காணி சம்பந்தமா

கனம் நீதிபதி ஐயாவுக்கு,

முதலாம் எதிராளி நான், ரெண்டாம் எதிராளி என்ர தங்கச்சி. எங்களுக்குச் சட்டத்தரணி இல்லை, அதால நாங்களே எழுதித் தாறம், பேச்சுத்தமிழில இருக்கிறதுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்க கேக்கிறது, இந்த பிளெயின்டை குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்ர 46(2) பிரிவின் கீழ தள்ளுபடி செய்யவேணும். இதுக்கு சாட்சியும் வேண்டாம், எங்கட பக்கத்து ஆவணமும் வேண்டாம், வழக்காளி தானே எழுதினதை வாசிச்சாலே காணும். காசு குடுத்தது உண்மையா பொய்யா எண்டதுக்குள்ள நான் இப்ப போகேல்ல, அதை நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை, அவர் எழுதினது எல்லாம் சரியெண்டே வைச்சுக்கொண்டாலும் வழக்கு நிக்காது எண்டுதான் சொல்லுறன்.

பிளெயின்டின்ர 5 ஆம் பந்தியில, 2014 மார்ச்சில எங்கட அம்மாவின்ர சீதனக் காணியை 18 லட்சத்துக்கு விக்கிறதா நான் "வாய்ப்பேச்சில ஒத்துக்கொண்டன்" எண்டும் 6 லட்சம் அட்வான்ஸ் கையில தந்தார் எண்டும் இருக்குது. 6 ஆம் பந்தியில நம்பிக்கையில எழுத்து ஒண்டும் வாங்கேல்ல எண்டு அவரே சொல்லுறார். 8 ஆம் பந்தியில 2015 ஜனவரியில நான் உறுதி எழுதித் தரமாட்டன், காசும் தரமாட்டன் எண்டு மறுத்தன் எண்டு இருக்குது. இந்த மூண்டு பந்தியும் காணும் ஐயா.

முதலாவது காணி. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்ர 2 ஆம் பிரிவில, காணியை விக்கிறதுக்குச் செய்யிற உடன்படிக்கை எழுத்தில, நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால கையெழுத்து வைச்சு இருக்கவேணும், இல்லாட்டி அதுக்குச் சட்டத்தில ஒரு வலுவும் இல்லை எண்டு இருக்குது. வாய்ப்பேச்சை வைச்சு உறுதி எழுதித் தா எண்டு கட்டளை கேக்கிறது இந்தச் சட்டத்துக்கு நேரே எதிர்.

அடுத்தது காசு. உறுதி கிடைக்காட்டி 6 லட்சத்தையாவது திருப்பித் தரட்டும் எண்டு மாற்றா கேக்கிறார். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க காலாவதிக் கட்டளைச் சட்டத்தில எழுத்தில்லாத உடன்படிக்கைக்கு 7 ஆம் பிரிவு, அதுக்குள்ள வராதெண்டா 10 ஆம் பிரிவு, எதை எடுத்தாலும் மூண்டு வருஷம். 2015 ஜனவரியில மறுத்ததா அவரே சொல்லுறபடியா 2018 ஜனவரியோட காலம் முடிஞ்சுது, வழக்கு வந்தது அதுக்குப் பிறகு ஆறு வருஷத்துக்கு மேல கழிச்சு. காலம் கடந்து வாறவர் எந்த விலக்கில வாறார் எண்டதை பிளெயின்டிலயே காட்டவேணும் எண்டு கோவையின்ர 44 ஆம் பிரிவு சொல்லுது, இதில அப்பிடி ஒரு வரி கூட இல்லை. யுத்தத்தால வழக்குப் போடமுடியாமப் போன ஆக்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, எங்கட மாவட்டத்தில எத்தினையோ குடும்பங்களுக்கு அது உண்மையிலயே தேவைப்பட்ட சட்டம், ஆனா அது 2009 மே 18 வரைக்குமான காலத்துக்கு, இவற்ற கதை தொடங்கினதே 2014 இல. கொரோனாவுக்காக வந்த 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டினாலும், 2018 இலயே செத்துப்போன உரிமையை 2020 இல வந்த நோய் எழுப்பாது.

தங்கச்சியின்ர விஷயம்தான் எனக்கு மிச்சம் வேதனை. 2 ஆம் பந்தியில அவ அந்த வளவில இருக்கிறா எண்டு மட்டும் இருக்குது, அதுக்குப் பிறகு அவவின்ர பேச்சே இல்லை. அவ ஒத்துக்கொண்டா எண்டோ, காசு வாங்கினா எண்டோ, ஒரு உரிமையை மறுத்தா எண்டோ எங்கயும் இல்லை. கோவையின்ர 5 ஆம் பிரிவின்படி வழக்கேது எண்டா ஒரு பிழை நடந்திருக்கவேணும், உரிமை மறுப்போ, கடமை தவறினதோ, தீங்கோ ஏதாவது ஒண்டு. தாய் வீட்டில குடியிருக்கிறது பிழையா? அவவுக்கு எதிரா வழக்கேது ஒண்டும் வெளிப்படேல்ல.

46 ஆம் பிரிவு பிளெயின்டை ஏற்கமுன்னம் பாக்கிறதுக்கு எண்டு வழக்காளி சொல்லக்கூடும். அந்த நேரம் நாங்க கோட்டில இல்லை, அழைப்பாணை வந்த பிறகுதான் எங்களுக்கு வாய் திறக்க வழி. சட்டம் தடுக்கிற வழக்கு எண்டு பிளெயின்டிலயே தெரிஞ்சா தள்ளுபடி செய்யவேணும் எண்டுதான் அந்தப் பிரிவு கட்டாயமாச் சொல்லுது, அதோட தள்ளுபடியான காரணத்தால மட்டும் அவர் புதுசா பிளெயின்ட் போடுறதைத் தடுக்கவும் இல்லை, அதால அவருக்கு அநியாயம் நடக்காது.

ஆகவே கேக்கிறம்:

பிளெயின்டை முழுசா தள்ளுபடி செய்யவும். அது முடியாட்டி ரெண்டாம் எதிராளிக்கு எதிரானதை எண்டாலும் நீக்கவும். அதுவும் இப்ப இல்லை எண்டா, சட்டப் பிரச்சினைகளை 147 ஆம் பிரிவின் கீழ முதல்ல விசாரிக்கவும். இந்த விண்ணப்பத்துக்கு கட்டளை வரும்வரைக்கும் மறுமொழி போடுற திகதியைத் தள்ளித் தரவும். வழக்குச் செலவும் தரவும்.

2025 ஜூன் 9, திருகோணமலை
முதலாம், ரெண்டாம் எதிராளிகள் நேரில கையொப்பம் வைச்சது
பிரதி வழக்காளியின்ர சட்டத்தரணிக்கு பதிவுத் தபாலில அனுப்பியாச்சு, பற்றுச்சீட்டு இதோட இருக்குது.